30 நாள் அறிவித்தல்: மெயிலில் என்ன எழுதுவது?

“பாசிக்குடாவில் சின்ன விடுதி நடத்துறேன். இணையத்தளம் பார்க்கிற ஆளை நிறுத்தவேணும். ஒப்பந்தத்தில் 30 நாள் எழுத்துமூல அறிவித்தல் எண்டு இருக்கு. டொமைன், படங்கள் எல்லாம் அவரிட்ட. முறிச்சுக்கொள்ளாமல் மெயில் எப்படி எழுதுறது?”

தம்பி, மெயிலுக்கு முதல் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கு எண்டு பாருங்கோ. அவர் பெயரில் இருந்தால் மாற்றித் தரவேண்டியவர் அவர்தான். அதனால்தான் மெயிலில் குறை ஒன்றும் எழுதவேண்டாம். காரணம் சொல்லும்படி ஒப்பந்தம் கேட்காவிட்டால் காரணமே தேவையில்லை; எழுதினால் வாக்குவாதம் தொடங்கும்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி மெயிலும் எழுத்துமூலம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் பதிவுத் தபால் எண்டு இருந்தால் அதையும் அனுப்புங்கோ. முடிவுத் திகதியை நீங்களே போடுங்கோ. ஒக்டோபர் 3இல் அவருக்குக் கிடைத்தால் 30 நாள் நவம்பர் 2இல் முடியும். தானாகப் புதுப்பிக்கும் நிபந்தனை இருக்கா எண்டும் பாருங்கோ.

இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணா. எங்கள் ஒப்பந்தத்தை நவம்பர் 2ஆம் திகதியுடன் முடித்துக்கொள்கிறோம். அதுவரை வேலையும் மாதக் கட்டணமும் வழமைபோல. ஒக்டோபர் 24க்கு முன் டொமைனை எங்கள் கணக்குக்கு மாற்றி, தளத்தின் முழுக் காப்புப் பிரதியையும் மூலப் படங்களையும் தாருங்கள். சரிபார்த்ததும் கடைசி பில்லைத் தீர்க்கிறோம். இவ்வளவு நாள் செய்த வேலைக்கு நன்றி.”

ஒப்படைப்பைக் கடைசி நாளுக்கு விடாதீங்கோ. காப்புப் பிரதி வந்ததும் வேறு இடத்தில் ஏற்றித் திறந்து பாருங்கோ. சில நேரம் டேட்டாபேஸ் இல்லாமல் வெறும் படக் கோப்புறைதான் வரும்.