முன்கதையை எங்கே வைப்பது? கோத்தகிரியிலிருந்து கேள்வி பதில்

கேள்வி (பந்தலூர், கல்லூரி மாணவர்): அக்கா, என் சிறுகதையை இலங்கையில் ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிவிட்டுத்தான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வருகிறேன். படித்தவர்கள் எல்லாரும் "ஆரம்பம் இழுக்குது" என்கிறார்கள். ஆனால் அது தெரியாவிட்டால் பாட்டி ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று எப்படிப் புரியும்?

புரியத்தான் வேண்டும். ஆனால் பாட்டி மறுப்பதற்கு இரண்டு பக்கம் முன்னாலேயே ஏன் புரிய வேண்டும்? கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008, அரசுத் தேயிலைத் தோட்டம். பாட்டி ஓய்வு பெற்றுவிட்டார், லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதிகாரி தாளோடு வருகிறார், மகனும் கூட இருக்கிறான். பாட்டி தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறார். தாள் தகரப் பெட்டிமேல் கிடக்கிறது. அதிகாரி பேனாவை நீட்டி, "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு கையெழுத்து" என்கிறார். பாட்டி வாங்கவில்லை. "உங்களுக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே" என்கிறான் மகன். "தெரியும். அதான் போடல."

தம்பி, உங்கள் கதையின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைப் படித்ததும் நானே கேட்டேன்: தெரிந்தால் போட வேண்டியதுதானே, இது என்ன பதில்? அந்தக் கேள்வி எழுந்த இடத்தில்தான் முன்கதைக்குக் கதவு திறக்கிறது. அதற்கு முன் நீங்கள் சொன்ன எல்லாமே கேட்காத கேள்விக்குப் பதில்.

அடுத்தது, எதைக் கொண்டு வருவது. நீங்கள் கொழுந்து பறித்தது, துரை பங்களா, கப்பல், மண்டபம் முகாம் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி கேட்பது ஒன்றே ஒன்று: முன்னால் ஒரு கையெழுத்தால் என்ன ஆயிற்று? அதற்கான காட்சி உங்கள் நான்காவது பத்தியில் ஒளிந்து கிடக்கிறது. 1969, தோட்டத்து ஆபீஸ். கணவன் இந்தியப் பிரஜைக்கு மனுப் போடுகிறான், அவளும் போடுகிறாள். அவளுடைய அம்மாவும் அண்ணனும் இலங்கைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிகிறது. அதன்பின் அம்மாவை அவள் பார்க்கவே இல்லை. அதை மட்டும் வையுங்கள். நிகழ்காட்சி அறுநூறு சொல் என்றால் இதற்கு நூற்றைம்பது போதும். மண்டபம் முகாம் இன்னொரு கதை, தனியாக எழுதுங்கள்.

கேள்வி (வெலிங்டன், வாசகி): அந்த நூற்றைம்பது சொல்லை, பாட்டி "மாட்டேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வைப்பதா, பின் வைப்பதா?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. முன்னால் வைத்தால், காட்சிக்குத் திரும்பும்போது அந்தப் பேனா வெறும் பேனாவாக இருக்காது. அது எதைப் பறிக்கும் என்று வாசகருக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. போட்டுவிடுவாரோ என்ற பயம் வரும். பின்னால் வைத்தால் பயம் இல்லை. வாசகர் முதலில் பாட்டியைப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிட்டு, அப்புறம் அந்த நினைப்பை மாற்றிக்கொள்வார். பயம் வேண்டுமென்றால் முன், தீர்ப்பை மாற்ற வேண்டுமென்றால் பின்.

பின்னால் வைப்பதற்கு நம்மிடம் பழைய சாட்சியே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனின் முற்பிறவிக் கதை, பரதனாக இருந்து சங்கமனைக் கொல்ல வைத்ததும் சங்கமனின் மனைவி நீலி சாபமிட்டதும், எங்கே வருகிறது? கோவலன் வெட்டுப்பட்டு, கண்ணகி வழக்காடி, மதுரை எரிந்த பிறகு, மதுராபதித் தெய்வம் சொல்லக் கட்டுரை காதையில் வருகிறது. அதையே கொலைக்களத்துக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். "பழைய வினை, நடக்கட்டும்" என்று நாம் கை கட்டிக்கொண்டு நின்றிருப்போம். வழக்குரை காதையின் கோபம் பாதியாகியிருக்கும்.

பந்தலூர்த் தம்பியின் கதைக்கு நான் முன்னால் என்பேன். ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கட்டும்.

கேள்வி (குன்னூர், குறும்படம் எடுப்பவர்): சினிமாவில் இடைவேளை முடிந்ததும் கொசுவத்தி சுற்றுவார்கள். ஆகவே கதையிலும் சரிபாதியில் வைப்பதுதானே கணக்கு?

பாதி சரி. அங்கே அது எடுபடுவது, பாதி தூரம் வந்துவிட்டதால் அல்ல. "இவன் யார்?" என்ற கேள்வியோடு ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் பதில் சொல்வதால். கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், இடைவேளையை விட்டுவிடுங்கள்.

கேள்வி (ஊட்டி, இல்லத்தரசி): என் கதாநாயகி ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து, மூடுபனியைப் பார்த்தபடியே கடந்த காலத்துக்குள் போகிறாள். சரியா?

சரியில்லை. இந்த மலையில் எழுதுகிற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மூடுபனியைப் பார்த்து யாரையும் நினைவுக்குள் அனுப்பாதீர்கள். பனி இங்கே ஆறு மாதம் இருக்கிறது. இன்றைக்கு மட்டும் அது ஏன் அவளுக்கு எதையோ நினைவுபடுத்த வேண்டும்? சும்மா உட்கார்ந்திருப்பவளின் காட்சியில் எதுவும் நின்றுபோகவில்லை, அதனால் திரும்பி வரவும் இடமில்லை. அவள் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அந்த வேலை தடைப்பட வேண்டும்.

கேள்வி (கூடலூர், பள்ளி ஆசிரியர்): எது இப்போது, எது அப்போது என்று என் வாசகர்கள் குழம்புகிறார்கள். சாய்வெழுத்தில் போடலாமா?

வேண்டாம் சார். தமிழில் வினையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நுழையும்போது இரண்டு வாக்கியம் "இருந்தது", "இருந்தான்" என்று முடியட்டும், அப்புறம் சாதாரண இறந்த காலத்துக்கு இறங்கிவிடுங்கள். பாட்டி கதையையே எடுத்துக்கொள்வோம்:

"கங்காணி அவளையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். அவள் போவதற்குள் புருஷன் போட்டு முடித்திருந்தான். அவள் பேனாவை வாங்கினாள். பேரின் கடைசி எழுத்தில் மை தீர்ந்தது. கிளார்க் வேறு பேனா கொடுத்தார்."

முதல் இரண்டு வாக்கியத்திலேயே காலம் மாறிவிட்டது. அதற்குமேலும் "சொல்லியிருந்தார், வாங்கியிருந்தாள், தீர்ந்திருந்தது" என்று பத்தி முழுக்க இழுத்தால் காது வலிக்கும். திரும்பும்போது எந்தச் செயலை நிறுத்தினீர்களோ அதையே பிடியுங்கள்: "அதிகாரி இன்னும் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்." "நினைவு கலைந்தாள்", "பெருமூச்சு விட்டாள்" எதுவும் வேண்டாம். அதிகாரியின் கை அங்கேயே இருப்பதால், உள்ளே ஓடியது நொடி நேரம்தான் என்பதும் தெரிந்துவிடுகிறது.

கேள்வி (கோத்தகிரி, ஓய்வுபெற்ற தபால் ஊழியர்): கேள்வி இல்லை, ஆட்சேபம். அந்தப் பந்தலூர்க் கதையில் குடும்பம் 1970இல் தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்குகிறது. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது அதே வருஷம் டிசம்பரில். பிறகு எப்படி அங்கே இறங்குவது? ராமேஸ்வரம்தான்.

ஐயா சொல்வது சரி. எப்படியும் கப்பலை வெட்டச் சொல்லிவிட்டேன்.

(பந்தலூர் மாணவர்): ஆனா அக்கா, எங்க பாட்டி தனுஷ்கோடினுதான் சொல்லும். இருந்த ஆளே சொல்லும்போது நான் எப்படி மாத்துறது?

(கூடலூர் ஆசிரியர்): எங்கள் தாத்தா 1963இலேயே சொந்தமாகப் புறப்பட்டு வந்துவிட்டார். அவர் தனுஷ்கோடியில்தான் இறங்கினார். எல்லாரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என்று ஐயா எப்படி முடிவு செய்யலாம்?

(தபால் ஊழியர்): தம்பி கதையில் 1970 என்று எழுதியதைத்தான் சொன்னேன். 1963 என்று எழுதினால் எனக்கு வழக்கே இல்லை.

மூன்று பேரும் கொஞ்சம் பொறுங்கள். இதில் நம் விஷயமும் இருக்கிறது. "அவர்கள் தனுஷ்கோடியில் இறங்கினார்கள்" என்று முன்கதையைக் கதைசொல்லியின் குரலில் எழுதினால், அது நடந்தது என்று கதை பொறுப்பேற்கிறது. வருஷம் தப்பினால் ஐயா மாதிரி ஒரு வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடுவார். பாட்டியே மகனிடம், "தனுஷ்கோடியில எறங்குனப்ப உனக்கு நேர் மூத்தவன் இடுப்புல" என்று சொன்னால் அது அவர் நினைவு. தப்பலாம். மகன் "அது ராமேஸ்வரம்மா" என்று திருத்தலாம், பாட்டி காதில் வாங்காமலே போகலாம். அப்போது அந்தத் தப்பே அவரைப் பற்றி ஏதோ சொல்லும். உறுதியாக நடந்ததைக் காட்சியாக வையுங்கள், சந்தேகமானதைப் பேச்சில் வையுங்கள்.

(தபால் ஊழியர்): பேச்சில் வைத்தாலும், விவரம் தெரியாத வாசகர் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்வாரே?

எடுத்துக்கொள்வார்தான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை ஐயா. மகன் திருத்துவது ஒரு வழி. ஆனால் திருத்தம் நீண்டால் கதை பூகோளப் பாடமாகிவிடும்.

(கூடலூர் ஆசிரியர்): தாத்தாவின் டிக்கெட் எங்கள் வீட்டில் இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன்.

ஐயாவும் நீங்களும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். நான் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

கேள்வி (கொடைக்கானல், பெயர் வேண்டாம் என்றவர்): தொடர்கதைக்கு முன்கதைச் சுருக்கம் எத்தனை வரி இருக்க வேண்டும்?

அது வேறு. போன வாரம் படிக்காதவருக்கான குறிப்பு அது. பத்திரிகையில் கேளுங்கள்.

கேள்வி (அருவங்காடு, புதியவர்): பிளாஷ்பேக் எத்தனை பக்கம் இருக்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (குன்னூர், இன்னொருவர்): ஒரு கதையில் எத்தனை பிளாஷ்பேக் வைக்கலாம்? முதல் பக்கத்திலேயே வைக்கலாமா?

எண்ணிக்கை கேட்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் வாசகருக்கு ஆட்களையே தெரியாது, அதற்குள் அவர்களுடைய கடந்த காலம் எதற்கு? வைத்தே தீர வேண்டுமென்றால் ஒரு சோதனை இருக்கிறது. அந்தப் பத்தியை வெட்டி இரண்டு பக்கம் தள்ளி ஒட்டுங்கள். கதையில் எதுவும் கெடவில்லை என்றால், அது முதல் இடத்துக்கும் உரியதல்ல. இன்னும் இரண்டு பக்கம் தள்ளுங்கள். இங்கிருந்து எடுத்தால் அடுத்த வரி விளங்காது என்ற இடம் வரும்போது நிறுத்துங்கள். கடைசி வரை வராவிட்டால் குப்பைக்கூடை.

கேள்வி (ஊட்டி, இல்லத்தரசி): மூடுபனிக்குப் பதில் மழையைப் பார்க்க வைத்தால்?

அம்மா, அவளை முதலில் ஜன்னலை விட்டு எழுப்புங்கள்.