முப்பது லிட்டர் பாலும் பதினைந்து தேங்காயும்

கேள்வி: எங்களிடம் இரண்டு கறவைப் பசுக்களும் முப்பது தென்னை மரங்களும் இருக்கின்றன. பாலை அன்றாடம் அப்படியே ஊற்றிவிடுகிறோம், காயை வெட்டு முடிந்ததும் மொத்தமாகத் தள்ளிவிடுகிறோம். பன்னீர், பால்கோவா, நெய், தேங்காய்ப் பவுடர், எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டில் இருப்பது நானும் மாமியாரும்தான். ஃபிரிட்ஜ் சின்னது, கரண்டும் அடிக்கடி போகும். எதில் இறங்கலாம்?

பதில்: கடைசி வரியிலேயே பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கரண்டை நம்ப முடியாத வீட்டுக்குப் பன்னீரும் பால்கோவாவும் ஒத்துவராது. பன்னீரை வெளியே வைத்தால் ஒரு நாள் தாங்குவதே அதிகம். பால்கோவா கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனால் விற்காமல் நின்றால் மூன்றாம் நாளிலிருந்தே கவலைதான். தேங்காய்ப் பவுடரில் ஈரத்தை மிகக் குறைவான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு டிரையர் இல்லாமல் முடியாது, வெயிலை நம்பினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இரண்டே பொருள்: பாலிலிருந்து நெய், காயிலிருந்து தேங்காய்ப்பால் எண்ணெய், அதாவது கொப்பரை போடாமல் பச்சைக் காயைப் பிழிந்து எடுப்பது. இரண்டிலும் செய்யும் வேலை ஒன்றுதான். கொழுப்போடு கலந்து கிடக்கும் தண்ணீரையும் புரதத்தையும் பிரித்து வெளியேற்றுகிறோம். தண்ணீர் துளியும் தங்காவிட்டால் பொருள் மாதக்கணக்கில் நிற்கும், ஃபிரிட்ஜ் தேவையில்லை.

அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லிட்டர் பாலில் 1.2 கிலோ கொழுப்பு இருக்கும். உறை ஊற்றிக் கடைவதில் ஒரு பங்கு மோரோடு போய்விடும், மிச்சத்தில் ஒரு கிலோ நெய் தேறும். இப்போது உங்கள் பக்கம் ஒரு கிலோ நல்ல நெய்யின் விலை, நீங்கள் ஊற்றும் பால் 30 லிட்டரின் விலையைவிடக் கூடுதலா என்று பாருங்கள். பல இடங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். அப்படியானால் லாபம் நெய்யில் இல்லை, மோரில் இருக்கிறது. 30 லிட்டர் பாலைக் கடைந்தால், ஊற்றும் தண்ணீரையும் சேர்த்து 30 லிட்டருக்கு மேல் மோர் கிடைக்கும். அதை அன்றன்றே வாங்க ஆள் இருந்தால் நெய் போடலாம். மோரைக் கொட்டத்தான் வேண்டும் என்றால் பாலாகவே ஊற்றிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எருமை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அந்தப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் கிட்டத்தட்ட பாதிப் பாலிலேயே ஒரு கிலோ நெய் வந்துவிடும்.

அதனால் முழுப் பாலையும் திருப்பிவிட வேண்டாம். காலைப் பாலை வழக்கம்போல ஊற்றுங்கள், தீவனச் செலவுக்கு அன்றாடக் காசு வேண்டுமே. மாலைப் பாலில் ஐந்து லிட்டர் மட்டும் நெய்க்கு. ஆறு நாளில் ஒரு கிலோ நெய், தினமும் ஐந்தாறு லிட்டர் மோர். நாலைந்து வீடும் ஒரு சாப்பாட்டுக் கடையும் இருந்தால் அந்த மோர் போய்விடும்.

பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்போது உறை ஊற்றுங்கள். காலையில் கடையும்போது தயிர் கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் கடைவதற்குக் காரணம் இதுதான். தயிர் சூடாக இருந்தால் வெண்ணெய் திரளாது, கூழாக மத்தில் அப்பும், கொழுப்பு மோரிலேயே தங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு டம்ளர் மோரை ஆடாமல் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சள் பொட்டுகள் மிதந்தால் நெய்யைத்தான் மோராக விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த நாள் குளிர்ந்த தண்ணீர் சேர்த்துக் கடையுங்கள். திரண்ட வெண்ணெயை இரண்டு தடவை குளிர்ந்த நீரில் அலசி மோரைப் போக்குங்கள். வெண்ணெயை ஒரு வாரம் சேர்த்து வைத்து உருக்குவதுதான் பல வீடுகளில் நெய் கெடும் இடம். ஃபிரிட்ஜில் இடமில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உருக்குங்கள்.

உருக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் இருக்கும். முதலில் பெரிய நுரை பொங்கும், அப்புறம் சடசடவென்று சத்தம் கேட்கும். அது தண்ணீர் கொதித்துப் போகும் சத்தம். சத்தம் அடங்கி, மேலே மெல்லிய நுரை கட்டி, அடியில் கசடு பொன்னிறமாக மாறும்போது இறக்கிவிட வேண்டும். இதற்கு முன்னால் இறக்கினால் நெய் கலங்கலாக இருக்கும், சில வாரத்தில் புளித்த வாடை வரும். தாமதித்தால் கசடு கருகி நெய்யில் கசப்பு ஏறும். கடைசி ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது, போன் வந்தாலும் சரி. சற்று ஆறியதும் உலர்ந்த துணியில் வடிகட்டி, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றித் தானாக ஆறவிடுங்கள். மெதுவாக ஆறினால்தான் மணல்மணலாக உறையும், ஃபிரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தினால் மெழுகு மாதிரி ஆகிவிடும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம், செம்பு பட்டால் நெய் சீக்கிரம் சிக்கு அடிக்கும். தேங்காய் மட்டையை எரிப்பீர்கள் என்றால் தணல் விழுந்த பிறகு உருக்குங்கள், நெய் புகை வாடையை இழுத்துக்கொள்ளும்.

இனி எண்ணெய். இங்கே கணக்கு இன்னும் நேரடியானது. நன்றாக முற்றிய காய் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை பிழிந்தால் ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும், பதினைந்து என்றே வையுங்கள். அதே காயைக் கொப்பரை போட்டு ஆட்டினால் பத்துப் பன்னிரண்டு காயிலேயே ஒரு லிட்டர் வந்துவிடும். எண்ணெய் குறைவதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பது பச்சைத் தேங்காய் வாசமும், வழக்கமான தேங்காய் எண்ணெயைவிடக் கூடுதல் விலையும். அந்தக் கூடுதல் விலை தருகிறவர்கள் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்றால் கொப்பரையே மேல். இருக்கிறார்கள் என்றால் ஒரு வெட்டில் வரும் காய் முழுவதையும் எண்ணெயாக்க ஆசைப்படாமல், ஒரு தடவைக்குப் பதினைந்து காய் என்று வையுங்கள். துருவிப் பிழியும் வேலை இரண்டு பேரையும் வாங்கிவிடும். மட்டையோடு நிழலில் கிடந்தால் காய் காத்திருக்கும். ஆனால் உள்ளே பூ விழ விடாதீர்கள், அந்தப் பூ வளர்வது காயில் இருக்கும் எண்ணெயைத் தின்றுதான்.

துருவலில் பாதி அளவு இளஞ்சூடான, கொதித்து ஆறிய நீர் விட்டுப் பிசைந்து பிழியுங்கள். சக்கையை இன்னொரு தடவை பிழியலாம், மூன்றாவது தடவை வேண்டாம், தண்ணீர்தான் சேரும். பாலை வடிகட்டிக் கண்ணாடி ஜாடியில் மூடி, ஆடாமல் வையுங்கள். ஜாடி கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது அழகுக்காக இல்லை, உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்பதற்காக. இரண்டு மூன்று மணி நேரத்தில் கெட்டிப்பால் மேலே ஏறி, கீழே தண்ணீர் தெளியும். நல்ல வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் கழிந்தால் அடியில் புளித்த நீர், அதன்மேல் வெள்ளைக் கட்டி, அதற்கு மேல் தண்ணீர் போலத் தெளிந்த எண்ணெய் என்று பிரியும். உச்சியிலும் கொஞ்சம் வெள்ளை ஆடை மிதக்கும், அதை ஒதுக்கிவிட்டு எண்ணெயைக் கரண்டியால் எடுங்கள். குளிர்காலத்தில் பிரியாமல் நின்றால் பயப்பட வேண்டாம். 25 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும், ஜாடியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். அதே சமயம் ஒன்றரை நாளைத் தாண்ட விடாதீர்கள், புளிப்பு வாடை எண்ணெயிலேயே ஏறி நிறமும் மஞ்சளாகிவிடும். தொடக்கத்திலேயே அழுகல் வாடை வந்தால் தண்ணீரோ பாத்திரமோ சுத்தமில்லை என்று பொருள், அந்த ஜாடியை விற்பனைக்கு வைக்காதீர்கள்.

எடுத்த எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, கலங்கல் போய்ப் பளிச்சென்று ஆகும்வரை சூடாக்குங்கள். நேரடித் தீ வேண்டாம், பச்சை வாசம் போய்விடும். ஈரம் போனதா என்று பார்க்க ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்து ஏற்றுங்கள். படபடவென்று பொரிந்தால் இன்னும் போகவில்லை. ஈரம் தங்கிய எண்ணெயில் சில வாரத்தில் சோப்பு ருசி வரும். நெய்யில் அதே கோளாறு புளித்த, மூக்கைத் துளைக்கும் வாடையாக வரும். ருசி வேறானாலும் நடந்தது ஒன்றுதான்: தண்ணீர் கொழுப்பை உடைத்திருக்கிறது. வந்த பிறகு சரிசெய்ய முடியாது, திரும்பச் சூடாக்குவதால் பயனில்லை.

பிழிந்த சக்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். அன்றைக்கே மாடுகளுக்கு வையுங்கள், மறுநாளைக்கு என்று வைத்தால் சிக்கு அடிக்கும். எடுத்த எடுப்பில் நிறைய வைத்தால் கழிச்சல் வரும். இரண்டு கைப்பிடியில் தொடங்கி, தவிட்டோடு கலந்து மெல்லக் கூட்டுங்கள்.

பாட்டிலில் எத்தனை மாதம் என்று போடுவது என்று அடுத்து நிச்சயம் கேட்பீர்கள். ஒவ்வொரு தடவை போட்டதிலிருந்தும் ஒரு சிறு பாட்டிலைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள். மாதம் ஒரு தடவை திறந்து முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். எந்த மாதத்தில் வாடை மாறுகிறதோ அதற்கு நன்றாகவே முன்னால் உங்கள் கெடு முடிய வேண்டும். முதல் ஆறு மாதம், பாட்டிலில் மூன்று மாதம் என்றே போடுங்கள். புதியதோடு பழையதைக் கலக்காதீர்கள். விற்கத் தொடங்குவதற்கு முன், உணவுப் பொருள் விற்க என்ன பதிவு தேவை என்று உள்ளூர் அலுவலகத்தில் கேட்டு அதை முடித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் கால் லிட்டர் பாட்டில் மட்டும் போடுங்கள். வாங்கியவர் இரண்டாம் தடவை வந்து கேட்டால் அப்புறம் பெரிய பாட்டிலுக்குப் போகலாம்.