போனில் வாசிப்பவருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

கேள்வி: கிராமத்து மாதர் சங்கச் செயலாளர்மாருக்கு நான்தான் மின்னஞ்சல் அனுப்புகிறேன். எல்லா விபரமும் அதிலேயே இருக்கும். ஆனாலும் "எத்தனை மணிக்கு? என்னென்ன கொண்டு வரவேணும்?" என்று திரும்பவும் போன் எடுத்துக் கேட்கிறார்கள். எல்லாரும் போனில்தான் பார்க்கிறார்கள். எப்படி எழுதினால் கண்ணில் படும்? – வாசகி, செங்கலடி

பதில்: விபரம் இருந்தும் கண்ணில் படாததற்குக் காரணம், நீங்கள் கணினியில் எழுதும்போது காணும் உருவமும் அவர்கள் போனில் காணும் உருவமும் வேறுவேறாக இருப்பதுதான். தமிழ் எழுத்து அகலமானது, சொற்களும் நீளம். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் பிடிக்காது. கணினியில் ஐந்து வரியாகத் தெரியும் பந்தி, போனில் பதினைந்து வரிக்கு மேல் இறங்கித் திரையை மூடிவிடும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் மூத்த செயலாளர்மாருக்கு இன்னும் நீளும்.

நம் பக்கத்தில் வழக்கமாக எழுதப்படும் அறிவித்தல் ஒன்றைப் பாருங்கள்:

> மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களுக்கு அறியத்தருவது யாதெனில், எதிர்வரும் மார்ச் மாதம் 12ஆம் திகதி வியாழக்கிழமை காலை 9.00 மணி முதல் பிற்பகல் 3.30 மணி வரை செங்கலடி பல்நோக்கு மண்டபத்தில் நடைபெறவுள்ள கணக்குப் பதிவுப் பயிற்சியில் தங்கள் சங்கச் செயலாளரும் பொருளாளரும் கலந்துகொள்ளுமாறும், வரும்போது காசுப் புத்தகம், வங்கிப் புத்தகம் மற்றும் அதன் போட்டோ பிரதி, தேசிய அடையாள அட்டை என்பவற்றைக் கொண்டு வருமாறும், வருகையை 10ஆம் திகதிக்கு முன்னர் உறுதிப்படுத்துமாறும், தூர இடங்களிலிருந்து வருவோருக்குப் பஸ் கட்டணம் வழங்கப்படவுள்ளதால் டிக்கெட்டைப் பேணி வைக்குமாறும் கேட்டுக்கொள்கின்றேன்.

இது முழுக்க ஒரே வாக்கியம். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது "கலந்துகொள்ளுமாறும்", "கொண்டு வருமாறும்" என்று ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒளிந்திருக்கிறது. தாளில் விரல் வைத்து வாசிப்பவருக்கு இது பெரிய சிரமமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு திரையைத் தள்ளிப் பார்ப்பவருக்கோ, இரண்டு திகதியில் எது பயிற்சி நாள், எது பதில் தரவேண்டிய நாள் என்பதே பிடிபடாது. அதனால்தான் உங்களுக்குப் போன் வருகிறது.

அதே செய்தியை இப்படி உடைக்கலாம்:

> வணக்கம்.
>
> உங்கள் சங்கச் செயலாளரும் பொருளாளரும் கணக்குப் பதிவுப் பயிற்சிக்கு வரவேண்டும். வருவீர்களா என்பதை மார்ச் 9க்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதி அறிவியுங்கள்.
>
> நாள்: மார்ச் 12, வியாழன்
> நேரம்: காலை 9.00 – பிற்பகல் 3.30
> இடம்: பல்நோக்கு மண்டபம், செங்கலடி
>
> கொண்டு வரவேண்டியவை:
> - காசுப் புத்தகம்
> - வங்கிப் புத்தகம், அதன் போட்டோ பிரதி 1
> - தேசிய அடையாள அட்டை
>
> வாகரை, வெல்லாவெளி போன்ற தூர இடங்களிலிருந்து வருவோருக்குப் பஸ் கட்டணம் அன்றைக்கே தரப்படும். டிக்கெட்டை எறியாமல் கொண்டு வாருங்கள்.

முதல் பந்தியில் செய்யவேண்டிய காரியமும் கடைசி நாளும் வந்துவிட்டன. "10ஆம் திகதிக்கு முன்னர்" என்றால் 10 சேருமா சேராதா என்று ஆளுக்கொரு விதமாக எடுப்பார்கள். "மார்ச் 9க்குள்" என்றால் குழப்பமில்லை. பந்திக்கு இரண்டு வாக்கியம், அல்லது சிறியதாக மூன்று, அதுதான் அளவு. பந்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி கட்டாயம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் போனில் எல்லாம் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பட்டியலில் "கொண்டு வரவேண்டியவை" என்ற சொல் மேலே ஒருமுறைதான் வருகிறது. "காசுப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள்", "அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்" என்று புள்ளிக்குப் புள்ளி எழுதினால் வரி இரண்டாக மடியும், பொருளின் பெயர் வினையோடு கலந்து மங்கிவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், பொதுவான வினையைத் தலைப்பு வரிக்கு ஏற்றிவிட்டுப் பொருளின் பெயரை மட்டும் புள்ளிக்குப் பக்கத்தில் விடுவதே நல்லது. கண் இடது ஓரத்தில்தான் இறங்கும். அந்த ஓரத்தில் பெயர்ச்சொல் நிற்கவேண்டும்.

ஒரு பட்டியலில் ஐந்து புள்ளி போதும். அதற்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வரி கொடுங்கள். புள்ளிக்குள் புள்ளி வேண்டாம். ஒவ்வொரு படியும் உள்ளே தள்ளத் தள்ளப் போனில் எழுத்துக்கு இடமே மிஞ்சாது. நீங்கள் கேட்பதற்கு அவர்கள் பதில் எழுதவேண்டுமென்றால் புள்ளிக்குப் பதிலாக 1, 2, 3 போடுங்கள். "2 எங்களிடம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

பஸ் கட்டணம் பற்றிய செய்தியை மட்டும் பந்தியாகவே விட்டிருப்பதைக் கவனியுங்கள். "இன்னாருக்குத் தரப்படும், ஆகவே இதைச் செய்யுங்கள்" என்று காரணமும் காரியமும் கோத்து வரும் செய்தியைப் புள்ளிகளாக வெட்டினால் தொடர்பு அறுந்துவிடும். கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது போன்ற செய்தியையும் புள்ளி போட்டு அனுப்பாதீர்கள். வாசிப்பவருக்கு முகத்தில் அடித்தமாதிரி இருக்கும்.

தடித்த எழுத்தைத் தலைப்பு வரிகளுக்கு மட்டும் வையுங்கள். அடிக்கோடு வேண்டாம். கு, மு, பூ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை அது வெட்டும்; இணைப்பு என்று நினைத்து அழுத்திப் பார்ப்பவர்களும் உண்டு.

நன்றாக எழுதியும் போனில் குலைந்து போவதற்குப் பெரும்பாலும் ஒட்டும் முறைதான் காரணம். வேர்டில் அடித்து அப்படியே ஒட்டினால் அதன் எழுத்தளவும் ஓர இடைவெளியும் கூடவே வரும். Ctrl+Shift+V அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். பிறகு கணினியில் ஜிமெயில் என்றால் Ctrl+Shift+8 புள்ளிப் பட்டியலையும், Ctrl+Shift+7 எண் பட்டியலையும் தரும். போனிலிருந்தே எழுதுகிறீர்கள் என்றால் சிறு கோடும் ஓர் இடைவெளியும் போட்டால் போதும். வரி அழகாக முடியட்டும் என்று நடுவில் என்டர் தட்டாதீர்கள். போனில் ஒரு வரி நீளமாகவும் அடுத்தது ஒற்றைச் சொல்லாகவும் உடையும். ஸ்பேஸ் தட்டித் தட்டி நிரல் அமைப்பதும் அப்படியே குலையும்.

பாமினியில் அடித்த பழைய அறிவித்தலை எடுத்து ஒட்டும்போது இன்னும் கவனம் தேவை. உங்கள் கணினியில் வேர்டில் அது தமிழாகத் தெரியும்; போனில் "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்றுதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

மின்னஞ்சலின் தலைப்பில் நாளை முதலில் வையுங்கள்: "மார்ச் 12 கணக்குப் பயிற்சி". நீளமான தலைப்பின் வால் போனில் வெட்டுப்படும், ஆகவே "மேற்படி பயிற்சி நெறி தொடர்பாக" என்று தொடங்கினால் வேண்டியது தெரியாமலே போகும்.

அனுப்புமுன் உங்களுக்கே ஒன்று அனுப்பிப் போனில் திறந்து பாருங்கள். திரையைத் தள்ளாமலே செய்யவேண்டியதும் நாளும் தெரியவேண்டும். தெரியாவிட்டால் முதல் பந்தியைக் குறையுங்கள். கையொப்பமிட்ட கடிதத்தை ஸ்கான் செய்து இணைக்கவேண்டிய தேவை இருந்தால் இணையுங்கள். ஆனால் "விபரம் இணைப்பில்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். A4 தாள் போனில் பொடி எழுத்தாகத்தான் தெரியும், டேட்டா முடிந்தவருக்கு அது திறக்கவே மாட்டாது. நாள், நேரம், இடம், கொண்டு வரவேண்டியவை ஆகிய நான்கும் மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்கட்டும்.