இரண்டரை ஒயர் உண்மையில் இரண்டரைதானா? கேள்வி பதில்

தஞ்சாவூரில் வீடு கட்டுபவர்: கடையில் 2.5 ஒயர் என்று கொடுத்திருக்கிறார்கள். அது 2.5தான் என்பதை நானே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை காட்டும் ஸ்க்ரூ கேஜ் ஒன்று வேண்டும். காயிலின் நுனியில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு, கத்தி செம்பில் படாதபடி உறையை உரித்து, முறுக்கைப் பிரித்து, முதலில் இழைகளை எண்ணுங்கள். நம் சந்தையில் 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 36 இழைகள், ஒவ்வொன்றும் 0.30 மி.மீ. விட்டம் என்பதே வழக்கமான அமைப்பு. பிறகு ஐந்தாறு இழைகளைத் தனித்தனியே அளந்து சராசரி எடுங்கள். கேஜை மூடிய நிலையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று முன்னதாகவே பார்த்துவிட வேண்டும்; விரலால் இறுக்காமல், நுனியில் உள்ள ராட்செட்டை மட்டும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய செம்பு இழை நசுங்கி அளவு குறைந்து காட்டும். உரிக்கும்போது இழை சற்றே தட்டையாகியிருக்கக்கூடும் என்பதால், ஒரே இடத்தில் இரண்டு திசைகளில் அளப்பது நல்லது.

விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, அதை 0.7854ஆலும் பிறகு இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் செம்பின் பரப்பு கிடைக்கும். 36 இழை, 0.30 மி.மீ. என்றால் 2.54 வரும். சில மாதங்களுக்கு முன் என் பக்கத்து வீட்டார் வாங்கி வந்த காயிலில் இழைகள் மிகச் சரியாக 36 இருந்தன, விட்டம்தான் 0.27. பரப்பு 2.06. விட்டத்தில் பத்து விழுக்காடு குறைந்தால் செம்பில் ஏறத்தாழ பத்தொன்பது விழுக்காடு போய்விடுகிறது. இழைகளை எண்ணிப் பார்ப்பவரும் ஏமாறுவது இப்படித்தான்.

ஈரோட்டு எலக்ட்ரீஷியன்: இழை இழையாக எதற்கு அளக்க வேண்டும் அண்ணா? நான் மொத்தச் செம்பையும் சேர்த்து வெர்னியரில் பிடித்தேன், 2.1 மி.மீ. வந்தது. கணக்குப் போட்டால் 3.46 சதுர மி.மீ. கம்பெனிக்காரர்கள் கூடுதலாகவே தருகிறார்கள்.

தம்பி, கணக்கு சரி. ஆனால் நீங்கள் அளந்தது செம்பை மட்டும் அல்ல, இழைகளுக்கு நடுவே உள்ள காற்றையும் சேர்த்துத்தான். உருண்டையான இழைகளை எவ்வளவு முறுக்கினாலும் இடையில் சந்து இருக்கவே செய்யும். உங்கள் 3.46இல் செம்பு ஏறக்குறைய முக்கால் பங்குதான். தளர்வாக முறுக்கிய குறைந்த செம்பும் அதே 2.1ஐக் காட்டிவிடும்.

வெர்னியர் மட்டுமே கைவசம் இருந்தால், ஒற்றை இழையைப் பிடித்துப் பார்ப்பதில் பயன் குறைவு. பெரும்பாலான வெர்னியர்கள் 0.02 மி.மீ.க்குக் கீழே பிரித்துக் காட்டாது. 0.30க்கும் 0.28க்கும் உள்ள அந்த ஒரே கோட்டு வேறுபாட்டில் பரப்பு 2.54இலிருந்து 2.22க்கு இறங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக, ஒரு இழையைப் பென்சிலின் மேல் இடைவெளியின்றி இருபது சுற்று சுற்றி, அந்தச் சுற்றுகளின் மொத்த அகலத்தை அளந்து இருபதால் வகுங்கள். 0.30 இழை என்றால் 6.0 மி.மீ. வரும், 0.27 என்றால் 5.4தான் வரும். இந்த வேறுபாடு சாதாரண ஸ்கேலிலேயே தெரியும்.

கோவை வாசகர்: என் ஒயரில் 50 இழைகள் இருக்கின்றன, 36 இல்லை. போலி என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம், விட்டத்தை அளந்து பாருங்கள். 0.25 மி.மீ. என்றால் பரப்பு 2.45 வருகிறது, அது நல்ல ஒயராக இருக்கலாம். செம்புக் கம்பிக்கான ஐஎஸ் 8130 தரநிலை மிகச் சரியாக இத்தனை இழை இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. மெல்லிழை ஒயரில் ஒரு இழை எவ்வளவு தடிமன் வரை போகலாம் என்பதையும், ஒரு கிலோமீட்டருக்கு மின்தடை எவ்வளவைத் தாண்டக்கூடாது என்பதையும்தான் முக்கியமாகச் சொல்கிறது. 20 டிகிரியில் 2.5 ஒயருக்கு அந்த உச்சவரம்பு ஒரு வகுப்பில் 7.41 ஓம், மெல்லிழை வகுப்பில் 7.98 ஓம்.

இதனால் ஒரு சிக்கலும் உண்டு. 36 இழையும் 0.28 விட்டமும் உள்ள ஒயர் ஒன்று கிடைத்தால், தூய செம்பு என்று கொண்டு கணக்கிட்டாலும் மின்தடை 7.78 ஓம் அளவுக்கு வரும். அந்த மின்தடை ஒரு வகுப்பின் வரம்பைத் தாண்டுகிறது, மற்றொன்றின் வரம்புக்குள் அடங்குகிறது. அத்தகைய ஒயரை நல்லது என்றோ கெட்டது என்றோ ஸ்க்ரூ கேஜை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. எந்த வகுப்பு என்று அட்டையில் பார்த்து, சோதனைக்கூடத்தில் மின்தடையை அளந்தால்தான் தெரியும்.

திருநெல்வேலி வாசகி: காயிலை முழுவதும் பிரித்தால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். பிரிக்காமலே நீளத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா ஐயா?

உண்டு அம்மா, எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம். அட்டை, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் காயிலை முழுதாக எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நுனியிலிருந்து டேப்பால் சரியாக ஐந்து மீட்டர் அளந்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடை போடுங்கள். வெட்ட மனம் வராவிட்டால் கடைக்காரரையே அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு மீட்டரை மட்டும் வெட்டினால், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் பிழை மூன்று விழுக்காடு வரை போகும். ஐந்து மீட்டர் என்றால் அது ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

முன்பு சொன்ன பக்கத்து வீட்டார் காயிலில் ஐந்து மீட்டர் 142 கிராம் இருந்தது, அதாவது மீட்டருக்கு 28.4 கிராம். முழுக் காயில் 2,385 கிராம். வகுத்தால் 84 மீட்டர். அட்டையில் இருந்ததோ 90. செம்பிலும் குறை, நீளத்திலும் குறை. காயிலின் சராசரிச் சுற்றளவைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குவாரும் உண்டு. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று கோணலாக ஏறியிருப்பதால் மூன்று நான்கு மீட்டர் பிசகு அதில் எளிதில் வந்துவிடும். ஒயரின் மேலேயே மீட்டர் எண் அச்சிட்டிருந்தால், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே டேப்பை வைத்துப் பாருங்கள். எண் அச்சிட்டிருப்பதாலேயே அந்த இடைவெளி 100 சென்டிமீட்டர் ஆகிவிடாது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்கள் காலத்தில் ஒரு காயில் என்றால் நூறு. இப்போது தொண்ணூறு என்கிறார்கள். எங்கள் வீட்டு வேலைக்கு இரண்டு காயில் பற்றாமல் போயிற்று. எலக்ட்ரீஷியன் எடுத்துக்கொண்டாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஐயா, 90 மீட்டர் என்று அட்டையில் போட்டு 90 மீட்டர் கொடுத்தால் அதில் குறையில்லை. தங்கள் நினைவில் இருக்கும் நூறு, கஜமாகவும் இருக்கலாம். நூறு கஜம் என்பது 91.44 மீட்டர்தான். எலக்ட்ரீஷியனைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல இயலாது. சுவருக்குள் போன ஒயரை இனி அளக்க வழியில்லை. அடுத்த காயிலை வேலை தொடங்கும் முன் எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டால், குறை கடையிலா வேலையிலா என்பதாவது தெரியவரும்.

சேலம் வாசகர்: 36 இழை, விட்டம் 0.30, நீளம் 90 மீட்டர், மூன்றும் சரியாக இருக்கின்றன. ஆனால் 2.5 காயில் வெறும் 1.7 கிலோதான் இருக்கிறது.

இதைத்தான் விட்டமும் நீளமும் மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. 2.5 சதுர மி.மீ. பரப்புள்ள செம்பு உறையின்றியே மீட்டருக்கு 22 கிராம் இருக்க வேண்டும். அப்படியானால் 90 மீட்டரில் செம்பு மட்டுமே இரண்டு கிலோ. உறையோடு சேர்த்து மூன்று கிலோவை நெருங்க வேண்டிய காயில் 1.7 கிலோ இருக்கிறதென்றால், உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைப் பிளேடால் சாய்வாகச் சுரண்டிப் பாருங்கள், சிவப்புத் தோலுக்குக் கீழே வெள்ளை தெரியும். அதன் மின்தடை அதே பரப்புள்ள செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பதால், கீசருக்கோ ஏசிக்கோ போட்டால் ஒயர் சூடாகும். சுவிட்சின் திருகுக்கடியில் நாளடைவில் நெகிழ்ந்து அந்த இடம் கருகவும் செய்யும்.

அதைச் சுவருக்குள் இழுக்க வேண்டாம். ரசீதையும் சுரண்டிய இழையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போகும் முன் ஐஎஸ்ஐ முத்திரையின் அருகே உள்ள சிஎம்/எல் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு, அது அதே நிறுவனத்தின் பெயரைக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எண் சரியாக இருந்தாலும் சுரண்டிப் பார்த்ததே முக்கியம், ஏனெனில் உண்மையான எண்ணைப் போலி அட்டையில் அச்சிடுவது எளிது.