மிரர் செல்ஃபியைச் சரியாகத் திருப்புவது எப்படி? வகிடும் மூக்குத்தியும் சரியான பக்கம் வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

திருப்புவது ஒரு தட்டு வேலை. திருப்ப வேண்டுமா என்று கண்டுபிடிப்பதில்தான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

நான் படம் பெரிதாக்கிச் சட்டம் போடும் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு பெண் தன் பாட்டியோடு எடுத்த செல்ஃபியைக் கொண்டுவந்தாள். பதினாறாம் நாளுக்குப் பாட்டி படம் மட்டும் வேண்டும். "செல்ஃபிண்ணா, அதனால கண்ணாடி மாதிரி மாறியிருக்கும், திருப்பிப் போட்டுடுங்க" என்றாள். நானும் யோசிக்காமல் திருப்பி, மாதிரிப் பிரிண்ட் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். மாலையில் அவளுடைய மாமா வந்தார். "அம்மாவுக்கு வலது மூக்குலதானே குத்தியிருக்கு?" என்றார். அவளோ பிரிண்டின் வலப்பக்கத்தைத் தொட்டு, "வலப்பக்கம்தானே மாமா இருக்கு" என்றாள்.

குழப்பம் அங்கேதான். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலது மூக்கு, சரியான படத்தில் நமக்கு இடப்பக்கம்தான் தெரியும். காகிதத்தின் வலப்பக்கம் மூக்குத்தி இருந்தால் அது அவருடைய இடது மூக்கு. மாமா தன் மூக்கையே தொட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கும் உறைத்தது.

நடந்தது இதுதான். முன்கேமராவில் எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடி பிம்பம். ஆனால் பல போன்கள் சேமிக்கும்போது அதை நேராக்கிவிடும். ஐபோனில் கேமரா அமைப்பில் Mirror Front Camera, சாம்சங்கில் Save selfies as previewed என்று ஒன்று இருக்கும். அது அணைந்திருந்தால் சேமித்த படம் ஏற்கெனவே சரியானது. அவள் போனில் அணைந்துதான் இருந்தது. சரியாக இருந்த படத்தை நான் திருப்பிக் கெடுத்திருக்கிறேன். மாறாக, கண்ணாடி முன் நின்று பின்கேமராவில் எடுத்த படம் என்றால் திருப்பத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

அதனால் இப்போதெல்லாம் முதலில் படத்தில் எழுத்தைத் தேடுகிறேன். அந்தப் படத்தில் பின்னால் நாள்காட்டி இருந்தது, ஆனால் பாட்டி தலை மறைத்து 8 மட்டும் தெரிந்தது. எட்டைத் திருப்பினாலும் எட்டுதான்! எழுத்து கிடைக்காவிட்டால் உடை. புடவை முந்தானை பெரும்பாலும் இடது தோளில், அதாவது சரியான படத்தில் நமக்கு வலப்பக்கம். ஆண்களுக்குச் சட்டைப் பை இடது மார்பில்.

வகிட்டை நான் கடைசியில்தான் நம்புவேன். பாட்டிக்கு நேர்வகிடு, அதில் ஒன்றும் தெரியாது. பேத்திக்குக் கோணல் வகிடு, ஆனால் அவளே வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வாளாம். மூக்குத்தி அப்படி இடம் மாறாது, துளை ஒரு பக்கம்தானே. இரண்டு பக்கமும் குத்தியிருந்தால் மச்சம், தழும்பு என்று போக வேண்டும். ஒப்பிட, வேறொருவர் பின்கேமராவில் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், இன்னொரு செல்ஃபி வேண்டாம். ஆல்பத்தில் உள்ள பழைய படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், நெகடிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டதும் உண்டு.

தன் முகத்தைப் பற்றி அவரவர் சொல்வதையும் சாட்சியாக எடுக்காதீர்கள். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகியதால், சரியான படம்தான் அவருக்குக் கோணலாகத் தெரியும். வீட்டில் மற்றவர்களைக் கேளுங்கள்.

திருப்ப வேண்டும் என்று முடிவானால் ஐபோனில் படத்தைத் திறந்து, திருத்தும் பகுதியில் வெட்டும் கருவிக்குப் போனால் மேலே முதுகோடு முதுகாக இரண்டு முக்கோணம் இருக்கும், அதைத் தட்டுங்கள். சாம்சங் கேலரியிலும் பென்சில் குறியைத் தட்டினால் அதே மாதிரி குறி வரும். பக்கத்திலேயே சுழற்றும் குறியும் இருக்கும், அது வேறு. எத்தனை முறை சுழற்றினாலும் இடம் வலம் மாறாது, ஆள் தலைகீழாகத்தான் நிற்பார். கணினியில் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் இருந்தால் இந்தக் கட்டளை:

```
magick patti.jpg -auto-orient -flop patti2.jpg
```

-flip என்று போட்டுவிடாதீர்கள், அது மேல் கீழாகத் திருப்பும். பெயர், தேதி எழுதுவதாக இருந்தால் திருப்பிய பிறகு எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுத்தும் சேர்ந்து திரும்பிவிடும்.

பாட்டி படத்தை அன்றிரவே மறுபடி பிரிண்ட் போட்டேன். மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, தன் மூக்கை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.