பேர் காரி, மாடு வெள்ளை

கேள்வி: கிராமங்களில் ஆடு மாடுகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்? எங்கே போனாலும் லட்சுமி, கருப்பி, செவலை என்றுதான் காதில் விழுகிறது. கொஞ்சம் யோசித்து வைக்க மாட்டார்களா?

யோசிக்காமல் வைக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்ததால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். அநேகமாக நீங்கள் நகரத்தில் வளர்ந்து, இப்போது ஒரு கன்றோ ஆடோ வாங்கியிருக்கிறீர்கள், அதற்கு நல்ல பேராகத் தேடுகிறீர்கள். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு மாட்டுக்குப் பேர் விழுவதற்குச் சில நேரம் மாதக்கணக்கில் ஆகும்.

எங்கள் ஊர் எடப்பாடிக்கும் கொங்கணாபுரத்துக்கும் நடுவில். எங்கள் தாத்தா, அப்பாரு காலத்திலிருந்து காங்கேயம் மாடு உண்டு. காங்கேயம் கன்று பிறக்கும்போது பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ‘செவலைக் கன்று’ என்றுதான் சொல்வார். ஆறு மாதம் வாக்கில் அந்தச் சிவப்பு மயிர் உதிர்ந்து சாம்பல் நிறம் ஏறிவிடும். அதைத்தான் மயிலை என்கிறோம். பிறந்த அன்றைக்கே செவலை என்று பேர் வைத்திருந்தால் அடுத்த பொங்கலுக்கு அந்தப் பேருக்கும் மாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. கடைசிவரை சிவப்பாகவே நிற்கிற உண்மையான செவலையும் உண்டு. அது செவலையாக நிற்குமா, மயிலையாக மாறுமா என்று அப்பாரு தாய் மாட்டையும் சேர்ந்த காளையையும் வைத்து ஓரளவு சொல்லிவிடுவார். இருந்தாலும் மயிர் மாறும்வரை பேர் சொல்லிக் கூப்பிட விடமாட்டார். அதுவரை அது வெறும் ‘கன்னுக்குட்டி’தான்.

கிடேரி என்றால் மயிலையோடு கதை முடிந்தது. காளைக்கன்று என்றால் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. பருவத்துக்கு வரும்போது திமில், கழுத்து, முன்னங்கால் சப்பை எல்லாம் கறுத்துக்கொண்டு வரும். நன்றாகக் கறுத்த காளை காரி. அதையே காயடித்துவிட்டால் கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்துப் பழையபடி சாம்பலாகிவிடும், சிலது வெள்ளை என்று சொல்கிற அளவுக்குப் போகும். ஆக ஒரே மாடு செவலையாகப் பிறந்து, மயிலையாக வளர்ந்து, காரியாக நின்று, கடைசியில் வெள்ளையாக வண்டி இழுக்கும். இதில் எந்த நிறத்தைப் பேராக வைப்பது? யோசிக்காமல் முடியுமா, சொல்லுங்கள்.

எங்களிடம் அப்படி ஒரு காளை இருந்தது. பேர் காரி. சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் பொலிகாளை. அப்புறம் சினை ஊசி பரவலானது. மாட்டைக் காளைக்கு ஓட்டி வருவது குறைந்து, ஒரு கட்டத்தில் யாருமே வரவில்லை. பொலிகாளையைச் சும்மா கட்டி வைத்துத் தீனி போட எங்களுக்கு வசதியில்லை. காயடித்து, வண்டிக்குப் பழக்கினார் அப்பா. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவத்தில் சேகோ ஆலைக்கு லோடு இழுத்தது அந்த மாடுதான். நாளாக ஆக அதன் கறுப்பெல்லாம் கரைந்து போனது. ஆனாலும் வீட்டில் யாரும் பேரை மாற்றவில்லை.

டிராக்டர் வந்த பிறகு, ஒரு ஆடியில், ஜோடியோடு அந்தியூர் குருநாதசாமி சந்தைக்கு ஓட்டிப் போனோம். அப்பா வழக்கம்போல ‘காரி, நில்லு’ என்று அதட்டினார். விலை கேட்க வந்த இளவட்டம் ஒருத்தர் சிரித்துவிட்டார்.

“என்னங்கண்ணா, வெள்ளை மாட்டைப் போயி காரிங்கறீங்க?”

அப்பா வாய் திறப்பதற்குள் அந்த இளவட்டத்தோடு வந்த பெரியவர் குனிந்து, மாட்டின் கழுத்தைக் கையால் ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். திமிலைத் தடவினார். “டேய், பொலிகாளையா நின்னு அப்புறம் காயடிச்ச மாடுடா இது. கழுத்துக் கனத்தைப் பாரு” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். சின்ன வயதிலேயே காயடித்த எருதுக்குக் கழுத்தும் திமிலும் அடக்கமாக இருக்கும். காளையாக முற்றிய பிறகு காயடித்தால் அந்தக் கனம் அப்படியே தங்கிவிடும், நிறம் மட்டும் போய்விடும். நுகத்தடி உட்காருவதற்கு அந்தக் கழுத்து நல்லது என்பார்கள். முரட்டுக் குணம் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்று யோசிப்பவர்களும் உண்டு. இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பெரியவர் துண்டைப் போட்டு, அதன் மறைவில் விலை பேச அப்பாவின் விரலைப் பிடித்தார். நாங்கள் வாய் திறந்து சொல்லாத ஒன்றை அந்தப் பேர் அவருக்குச் சொல்லிவிட்டது. நாங்கள் நினைத்த விலைக்கே முடிந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி கயிற்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தோம்.

‘எங்க ஊர்ல அப்படியில்லையே, வெள்ளிக்கிழமை பொறந்தா லட்சுமிதான்’ என்று கீழே கருத்து எழுத வருபவர்களுக்கு: எங்கள் ஊரிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஈன்ற கிடேரியும், வீட்டுக்கு முதன்முதலாக வரும் பால்மாடும் லட்சுமிதான். எங்கள் அம்மாவும் ஒரு லட்சுமிக்குத்தான் பொழுது விடிந்ததும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஒரு மாடு, இரண்டு மாடு இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் மேய்ச்சலுக்குப் போகிற இடத்தில் பத்து வீட்டு மாடு ஒன்றாகக் கலந்து நிற்கும்போது ‘லட்சுமியைப் பிடி’ என்றால் பொடியன் எதைப் பிடிப்பான்? ‘கூழைவால் மயிலையைப் பிடி’ என்றால் நேராகப் போய்ப் பிடித்துவிடுவான்.

இனி ஆட்டுக்கு வருகிறேன். உங்கள் ‘கருப்பி’க்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்து வெள்ளாடு சேலம் கருப்பு. உச்சி முதல் குளம்புவரை ஒரே கறுப்பு. பட்டியில் இருக்கிற அத்தனையும் கறுப்பாக இருக்கும்போது கருப்பி என்று ஒன்றுக்குப் பேர் வைத்துப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆட்டுக்குக் கருப்பி என்று பேர் இருந்தால், அந்த வீட்டில் மற்றவை வேறு நிறம் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஓமலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த என் பெரியம்மா முழுக்கச் சேலம் கருப்புதான் வளர்த்தார். பேரெல்லாம் காது, கொம்பு, தாடை, குணம் இவற்றிலிருந்து வரும். கொம்பில்லாதது மொட்டச்சி. கழுத்தடியில் இரண்டு சதைத் துண்டு தொங்கினால் தொங்கட்டாள். மேச்சேரிச் சந்தையில் வாங்கியது மேச்சேரியாள். வேலி தாண்டுவதற்கென்றே பிறந்தது ஒன்று, அதன் பேர் களவாணி. பாதிக் குட்டி அவர்களுக்கு, பாதி நமக்கு என்று பேசி வாரத்துக்குப் பிடித்து வந்தது கடைசிவரை வாரத்தாடு. முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு முனியப்பன் கிடா என்பதைத் தவிர வேறு பேர் வைக்க விடமாட்டார். கறிக்குப் போகிற மற்றக் கிடாக்களுக்குப் பேரே கிடையாது.

அதில் ஒன்று ஊமைச்சி. கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் எந்த ஆடும் கத்திக் கூப்பாடு போடும், இது கத்தாது. பொழுது சாயும் நேரத்தில் ‘ஊமைச்சியைக் காணோம்’ என்று பெரியம்மா குரல் கொடுத்தால், காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதில் பிரயோஜனம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு புதர் புதராகப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்று மூளி. குட்டியாக இருக்கும்போதே நாய் கடித்துப் பாதிக் காது போனது. அது போட்ட குட்டிக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன, ஆனால் அதன் பேர் ‘மூளிகுட்டி’. வளர்ந்து தானே குட்டி போட்ட பிறகும் அது மூளிகுட்டிதான். பார்க்கிறவர்களுக்கு விநோதமாக இருக்கும். பெரியம்மாவுக்கோ அதுதான் கணக்குப் புத்தகம். மூளி வழியில் ஈற்றுக்கு இரண்டு குட்டி தவறாது, பாலும் இரண்டுக்கும் காணும். அதனால் மூளிகுட்டி போட்டதில் பெட்டை எதையும் விற்கமாட்டார்.

பேரைப் பற்றிப் பேசுவதால் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு கலப்பினப் பசு இருந்தது, கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. பேரும் சுட்டிதான். காப்பீடு செய்து, காதில் அந்த மஞ்சள் வில்லையும் 12 இலக்க எண்ணும் போட்டிருந்தார்கள். வேலி முள்ளில் மாட்டி, காது கிழிந்து வில்லை போய்விட்டது. அன்றைக்கே சொன்னோம், ஆள் வந்து புதிது போடுவார் என்றார்கள், யாரும் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் வயிறு உப்பி மாடு செத்தது. மருத்துவர் பார்த்துச் சான்று கொடுத்தார். காப்பீட்டுக்காரர்கள் ‘வில்லை இல்லை, பணம் இல்லை’ என்று முடித்துவிட்டார்கள். காப்பீடு எடுக்கும்போது அவர்களே பிடித்த படத்தில் அதே சுட்டி, அதே இடத்தில் இருந்தது. பிளாஸ்டிக் துண்டு கழன்று விழும், நெற்றிச் சுட்டி எங்கே விழும்? பால் ஊற்றுகிற இடத்தில் நின்ற எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசிக்கும் சினைக் கணக்குக்கும் அது உதவுகிறது. ஆனால் எண்ணோடு சேர்த்து நிறம், சுட்டி, கொம்பு, சுழி என்று எழுதிக்கொள்ள அந்தப் படிவத்தில் இடம் இருக்கிறதே, அதை எதற்கு வைத்திருக்கிறார்கள்? எங்கள் படிவத்தில் அந்த இடத்தில் ‘கறுப்பு’ என்று ஒரே சொல்தான் இருந்தது.

சரி, உங்கள் கன்றுக்கு வருவோம். ஜெர்சிக் கலப்பு என்றால் நிறத்தில் பெரிய மாற்றம் வராது, நெற்றியையும் காலையும் நன்றாகப் பார்த்து இன்றைக்கே பேர் வைத்துவிடலாம். காங்கேயம் என்றால் ஆறு மாதமாவது பொறுங்கள். ஆடு என்றால், அது எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று விற்றவரிடம் கேளுங்கள், தாயின் பேரையும் கேளுங்கள். விற்றவருக்கு அந்தப் பேர் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அது அவர் பட்டியில் பிறந்த குட்டியாக இருக்காது, சந்தையில் வாங்கிக் கைமாற்றியதாக இருக்கும். அப்படியானால் பேர் இருக்கட்டும், முதலில் மூன்று நான்கு வாரம் மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டி, சளி, கழிச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.