டிஸ்க் பழுதில்லை, பாட்டைத்தான் மாற்றிவிட்டார்கள்

“குவாண்டம் லீப் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் சீசன் டிவிடி வாங்கினேன். கடைசி எபிசோடில் அல் தன் முதல் மனைவி பெத்தோடு ஆடும் இடத்தில் ரே சார்ல்ஸ் பாட்டே வரவில்லை, ஏதோ வெறும் இசை ஓடுகிறது. டிஸ்க் பழுதா?”

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துப் பயனில்லை, அந்தப் பதிப்பே அப்படித்தான். அதே பதிப்பில் வேறு பிரதி வாங்கினாலும் இதே இசைதான் வரும்.

‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ ஒரு பாட்டு என்றாலும் அனுமதி இரண்டு இடத்தில் வாங்க வேண்டும். மெட்டும் வரியும் 1930இல் ஹோகி கார்மைக்கேலும் ஸ்டூவர்ட் கோரெலும் எழுதியவை. அதற்கு இசைப் பதிப்பாளர் சம்மதிக்க வேண்டும். ரே சார்ல்ஸ் 1960இல் பாடிய ஒலிப்பதிவுக்கு அதன் உரிமையாளர் தனி. காட்சி என்ன, பாட்டு எத்தனை நொடி, எங்கே வெளியாகும் என்று எழுதிக் கேட்டால்தான் இருவரும் விலை சொல்வார்கள். ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது.

எபிசோட் ஒளிபரப்பானது 1990இல். அந்தக் காலத்தில் பெரும்பாலும் தொலைக்காட்சிக்கு மட்டும், அதுவும் சில வருடங்களுக்குத்தான் உரிமை வாங்குவார்கள். ஒரு தொடரை மக்கள் பெட்டி பெட்டியாக விலைக்கு வாங்குவார்கள் என்று யார் நினைத்தார்கள்? டிவிடிக்கு மறுபடி பேரம் பேச வேண்டும். தொகை கட்டுப்படியாகாவிட்டால், வசனத்தைத் தொடாமல் இசைத் தடத்தை மட்டும் உருவிவிட்டு மலிவான ஒன்றைச் செருகிவிடுவார்கள்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அல் அங்கே வெறும் ஹோலோகிராம் பிம்பம், பெத் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். அவர்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். பழைய ஒளிபரப்பை டேப்பில் பதிந்து வைத்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.